ராஜ் நாராயண் எதிர் இந்திரா காந்தி: தீர்ப்புச் சுருக்கம்

அலகாபாத் உயர் நீதிமன்றம், நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, 12 ஜூன் 1975.

1971 மக்களவைத் தேர்தலில் ரேபரேலியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் தோற்ற ராஜ் நாராயண் தொடர்ந்த தேர்தல் மனு இது. போர்வையும் மதுவும் வழங்கியது, பசு-கன்று என்ற மதச் சின்னம், வாக்காளர்களுக்கு வாகனம், 35,000 ரூபாய் வரம்பை மீறிய செலவு, அரசு ஊழியர்களின் உதவி ஆகியவை குற்றச்சாட்டுகள்.

ஊழல் நடவடிக்கை என்பது குற்ற வழக்குக்கு நிகரானது. நியாயமான ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கும் சுமை மனுதாரருடையது. முதல் நான்கும் விழுந்தன.

நின்றது அரசு ஊழியர் உதவி மட்டுமே. வேட்பாளரான பின் பெற்ற உதவியே குற்றம் என்பதால், வழக்கின் உயிர் தேதிகளில் இருக்கிறது. இந்திரா தம்மை வேட்பாளராகக் காட்டிக்கொண்ட நாள் 29 டிசம்பர் 1970 என்றார் நீதிபதி. 1 பிப்ரவரி 1971 என்ற வாதத்தை ஏற்கவில்லை. பிரதமர் செயலகத்தில் சிறப்புப் பணி அதிகாரியாக இருந்த யஷ்பால் கபூர் பதவி விலகல் கடிதம் கொடுத்தது ஜனவரி 13. முன்ஷிகஞ்சில் இந்திராவை ஆதரித்து அவர் பேசியதோ ஜனவரி 7, பணியில் இருந்தபோதே. மேடையும் ஒலிபெருக்கிக்கு மின்சாரமும் மாநில அதிகாரிகளின் ஏற்பாடு. அரசு ஊழியர் உதவியைத் தடுக்கும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப் பிரிவு 123(7) ஆட்சியின் உச்சியில் இருப்பவருக்கும் பொருந்தும் என்ற இந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

முடிவு: தேர்தல் செல்லாது, ஆறு ஆண்டுத் தகுதியிழப்பு, தீர்ப்புக்கு 20 நாள் நிறுத்திவைப்பு. சட்டம் முன்தேதியிட்டுத் திருத்தப்பட்ட பின், 7 நவம்பர் 1975 அன்று உச்ச நீதிமன்றம் இத்தீர்ப்பை ரத்து செய்தது.