திட்ட அறிக்கை மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்யக் கோரி விண்ணப்பம்

நீடாமங்கலம்
18.08.2025

அனுப்புநர்:
மலர்விழி,
இளம் அறிவியல் புவியியல், இரண்டாம் ஆண்டு,
வரிசை எண் 27.

பெறுநர்:
திட்ட வழிகாட்டி ஆசிரியர் அவர்கள்,
புவியியல் துறை.

பொருள்: 'குறுவைப் பருவத்தில் கிளை வாய்க்காலின் நீர் மட்டம்' என்ற திட்ட அறிக்கையின் அகமதிப்பெண் – மறுபரிசீலனை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

என் அறிக்கைக்கு 25-க்கு 14 மதிப்பெண் தந்திருக்கிறீர்கள். தாங்கள் ஜூன் மாதம் வகுப்பில் கொடுத்த மதிப்பீட்டுத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறிக்கையை மறுபடி படித்தேன். மூன்று இடங்களில் மட்டும் மறுபடி பார்க்கக் கேட்கிறேன்.

முதலாவது, களத் தரவு (8 மதிப்பெண்). எனக்குக் கிடைத்தது 3. மதிப்பீட்டுத் தாளில் 1 முதல் 3 வரை 'தேதியோ இடமோ இல்லாத தரவு'க்கு உரியது. 7, 8 மதிப்பெண்ணுக்கு 'மூன்று இடங்கள், குறைந்தது 10 நாள், தேதி, நேரத்துடன் அளவீடு, அளந்த முறைக்கான விளக்கம்' என்று இருக்கிறது. நான் ஜூலை 7 முதல் 21 வரை, 15 நாள், தினமும் காலை ஆறரை மணியிலிருந்து மூன்று மதகுகளில் வரிசையாக அளந்தேன். வாய்க்காலின் தலைமடையில் இருப்பது அ, நடுவில் ஆ, கடைமடையில் இ. மொத்தம் 45 அளவீடுகள், ஒவ்வொன்றும் தேதி, நேரத்துடன் பின்னிணைப்பில் உள்ளன. பின்னிணைப்பு தனியாகப் பின் போட்டுக் கொடுத்தது. மற்ற தாள்களுடன் சேர்த்துத் தைக்கவில்லை. ஒருவேளை அறிக்கைக் கட்டிலிருந்து பிரிந்து விட்டதோ என்று தோன்றுகிறது. அதன் நகலை இணைத்திருக்கிறேன். அளந்த முறை 7ஆம் பக்கத்தில் இருக்கிறது: தாத்தா வெட்டிக் கொடுத்த மூங்கில் கழியில் சென்டிமீட்டர் வாரியாகக் கோடு கீறி, அதன் மேல் சிவப்புப் பெயின்ட் தடவி, மதகின் அதே கல்லில் ஒவ்வொரு நாளும் ஊன்றிப் பார்த்தேன்.

இரண்டாவது, பகுப்பாய்வு (6). இதில் 4 கிடைத்தது. 'ஒன்பதாம் நாள் அளவில் பிழை' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அம்மா, அது பிழை இல்லை. இந்த ஒன்றைத்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அறிக்கையில் நான் உண்மையிலேயே ஏதாவது கண்டுபிடித்தேன் என்றால் அது அந்த நாளில்தான். ஜூலை 15 காலையில் அ மதகில் மாற்றமே இல்லை. ஆனால் ஆ மதகுக்கு மேல்புறம் 38-லிருந்து 49 சென்டிமீட்டராக ஏறியிருந்தது, இ மதகில் 29-லிருந்து 16-ஆக இறங்கியிருந்தது. முதலில் நானும் தப்பாக அளந்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி அளந்தேன். அதே அளவுதான். ஆ மதகைப் போய்ப் பார்த்தால் ஷட்டருக்கு முன்னால் ஆகாயத்தாமரை அடைத்து நின்றது. மதியம் லஸ்கரும் இரண்டு விவசாயிகளும் இறங்கி வாரி எடுத்தார்கள். மறுநாள் இ மதகில் 28. கடைமடைக்குத் தண்ணீர் வராததற்கு மேலே திறப்பு குறைவு மட்டும் காரணமல்ல, நடுவில் உள்ள அடைப்பும் காரணம் என்பதை 19ஆம் பக்கத்தில் இதை வைத்துத்தான் எழுதினேன். 'தரவில் முரண்பாடு இருந்தால் அதைக் காட்டிக் காரணம் கூறுதல்' என்று மதிப்பீட்டுத் தாளில் 2 மதிப்பெண் தனியாக உள்ளது.

மூன்றாவது, வரைபடம் (5). 'அளவு, திசை இல்லை' என்ற குறிப்புடன் 2 கிடைத்தது. வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் இடத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருந்ததால் பெரிய தாளில் வரைந்து மடித்து ஒட்டினேன். அளவுகோலும் வடக்குக் குறியும் வலது கீழ் மூலையில், மடிப்புக்குள் இருக்கின்றன. பிரித்துப் பார்த்தால் தெரியும். சொந்தக் கள விவரத்துக்கான ஒரு மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, மதகுகளைக் குறித்தேனே தவிர நீர் ஓடும் திசையை அம்புக்குறியிட்டுக் காட்டவில்லை. அதைத் தங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

நோக்கத்துக்கு முழு மதிப்பெண் கொடுத்ததற்கு நன்றி. ஆதாரப் பட்டியலில் ஒரு மதிப்பெண் குறைத்தது சரிதான், இரண்டு பதிவுகளில் ஆண்டு எழுதவில்லை.

அகமதிப்பெண் பட்டியல் மேலிடத்துக்குப் போகும் முன் தாங்கள் பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும். தாங்கள் சொல்லும் நேரத்துக்கு அசல் களக் குறிப்பேட்டையும் அந்தக் கழியையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். பார்த்த பிறகும் மதிப்பெண் மாறாவிட்டால், எந்த இடத்தில் குறைந்தது என்று சொல்லுங்கள் அம்மா, அடுத்த பருவத் திட்டத்துக்கும் இதே வாய்க்காலைத்தான் எடுக்கப் போகிறேன்.

இணைப்பு: பின்னிணைப்பின் நகல், 19ஆம் பக்க நகல், வரைபட நகல்.

தங்கள் உண்மையுள்ள மாணவி,
மலர்விழி