அட்டைப்பட வேலைகள்: 25ஆம் தேதிக்குள் ஒரு பார்வை வேண்டும்

அன்புள்ள மாலதி அக்கா, சரவணன், நிவேதா,

மூவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். செப்டம்பர் நடுவில் சென்னையில் இரண்டு பெரிய பதிப்பகங்களுக்கு என் அட்டைப்பட வேலைகளை அனுப்பப் போகிறேன். ஜனவரி புத்தகக் காட்சிக்கு வரும் புத்தகங்களின் அட்டைகளை அக்டோபரிலேயே பேச ஆரம்பித்துவிடுவார்கள். அதற்கு முன் அவர்கள் கண்ணில் பட்டால்தான் உண்டு. ஒரு தடவை பார்த்து மூடிவைத்தவர்கள் மறுபடி திறப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால் முதலில் நீங்கள் பாருங்கள்.

பிஹான்ஸ் சுட்டி தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். இப்போது 22 அட்டைகள் இருக்கின்றன. 12 போதும் என்று நினைக்கிறேன். எதைத் தூக்குவது என்பதில்தான் சிக்கல். எனக்கு எல்லாமே வேண்டியவையாகத் தெரிகின்றன. ஆளுக்கு ஐந்து அட்டைகளைத் தயங்காமல் வெட்டுங்கள். காரணம் சொன்னால் நல்லது, சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. மூன்று பேரும் ஒன்றையே வெட்டினால் அது போய்விடும், நான் வாதாட மாட்டேன்.

அறிமுகம் இப்படி எழுதியிருக்கிறேன்:

"கதிர். திருச்சி. 2019 முதல் தமிழ்ப் புத்தகங்களுக்கு அட்டை வடிவமைக்கிறேன். கவிதை, சிறுகதை, மொழிபெயர்ப்பு நாவல்கள். தலைப்பு எழுத்துகளைப் பெரும்பாலும் கையால் வரைகிறேன். முன் அட்டை, முதுகு, பின் அட்டை மூன்றையும் அச்சுக்குத் தயாரான கோப்பாகத் தருகிறேன்."

நிவேதா, நீ இதைத்தான் முதலில் படிக்க வேண்டும். ரொம்ப வறட்சியாக இருக்கிறதா? "ஆர்வம் மிக்க கலைஞன்" வகையறா எல்லாம் எழுதி அழித்துவிட்டேன். ஆனால் இப்போது படித்தால் அச்சக விலைப்பட்டியல் மாதிரி இருக்கிறதோ என்று சந்தேகம்.

மாலதி அக்கா, அச்சகத்தில் இத்தனை வருடம் இருந்த உங்கள் கண் எனக்கு வேண்டும். டெமி அளவில் விரித்த முழு அட்டை நான்கு வைத்திருக்கிறேன். முதுகில் தலைப்பை மேலிருந்து கீழாகப் போட்டிருக்கிறேன். நம் அலமாரிகளில் இரண்டு விதமாகவும் புத்தகங்கள் நிற்கின்றன. பதிப்பகத்தார் இதைக் குறையாக எடுப்பார்களா? அப்புறம் அந்த அரக்கு நிற நாவல் அட்டை. திரையில் பளிச்சென்று இருப்பது, மேட் லேமினேஷன் போட்டு வந்த பிரதியில் கறுத்துத்தான் தெரிகிறது. பிஹான்ஸ் பக்கத்தில் எதை வைக்க, கோப்பின் படத்தையா, அச்சான புத்தகத்தின் படத்தையா? எனக்கு இரண்டாவதுதான் நேர்மையாகப் படுகிறது, ஆனால் முதலாவதுதான் அழகு.

சரவணா, உன் வேலை சுலபம். போனில் மட்டும் பார். கணினியில் திறக்காதே. இணையக் கடைகளில் அட்டை கட்டைவிரல் நகத்தளவுதான் தெரிகிறது. கையால் வரைந்த தலைப்புகளில் சுழிகள் அடைத்துக்கொண்டு, ணகரமா னகரமா என்றே தெரியாமல் போகலாம். படிக்க முடியாத தலைப்புகளைக் குறித்துக் கொடு. கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கும் Catamaran, Mukta Malar எழுத்துருக்களில் செய்த மூன்று அட்டைகளும் இருக்கின்றன. கையெழுத்து அட்டைகளுக்கு நடுவே அவை ஒட்டாமல் நிற்கின்றனவா என்றும் பார்.

மூவருக்கும் பொதுவாக இன்னொன்று. யாரும் கேட்காமல் நானாகச் செய்து பார்த்த அட்டைகள் ஆறு. அவற்றின் கீழே "சொந்த முயற்சி, வெளியானதல்ல" என்று போட்டிருக்கிறேன். அந்த வரியை எடுக்கப் போவதில்லை, அதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆனால் 12-இல் இவை எத்தனை இருக்கலாம்? என் கைவரிசை நன்றாகத் தெரிவது இவற்றில்தான். காசு கொடுத்தவர்களுக்காகச் செய்தவற்றில் ஆசிரியரின் புகைப்படம், பரிசு பெற்ற செய்தி, அணிந்துரை எழுதியவர் பெயர் எல்லாம் முன் அட்டைக்கே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. (தெரியுமே உங்களுக்கு.) அந்த நெருக்கடியிலும் தலைப்பை நிற்க வைத்ததைக் காட்டுவதும் ஒரு திறமைதானே என்றும் தோன்றுகிறது.

முகதாட்சண்யம் வேண்டாம். "சூப்பர்" என்று வந்தால் அதை வைத்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது. எந்த அட்டையில் சலிப்பு வந்தது, எங்கே "இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே" என்று தோன்றியது, அது போதும். எழுத நேரமில்லை என்றால் வாய்ஸ் நோட் அனுப்புங்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரிய வேண்டாம், தனித்தனியாகவே அனுப்புங்கள். அக்கா சொன்ன பிறகு சரவணன் மாற்றிச் சொல்ல மாட்டான்.

ஆகஸ்ட் 25-க்குள் கிடைத்தால் திருத்த இரண்டு வாரம் இருக்கும். அதுவரை சுட்டியை யாருக்கும் அனுப்ப வேண்டாம். என்னைப் பற்றி எங்கும் சொல்லியும் வைக்காதீர்கள், அக்கா, உங்களைத்தான் சொல்கிறேன்.

நிவேதா, உன் குழந்தைகள் கதைப் படங்களை அனுப்பு. இதே கத்தியோடு பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
கதிர்