12ஆம் கேள்விக்கு முழு விடை: ஃபிளாய்ட்-வார்ஷல்

திருத்திய தாள்கள் இன்று உங்கள் கைக்கு வந்திருக்கும். 12ஆம் கேள்வியில் சறுக்கியவர்கள் அதிகம் என்பதால் அதற்கு மட்டும் முழு விடையை எழுதித் தருகிறேன். விடைத்தாளில் எப்படி எழுதியிருக்க வேண்டுமோ அப்படித்தான் எழுதியிருக்கிறேன், நடுநடுவே சில குறிப்புகளோடு.

கேள்வி (13 மதிப்பெண்): நான்கு முனைகள். அம்புகளும் எடைகளும்: 1→2 (8), 1→4 (3), 2→1 (1), 2→4 (6), 3→2 (4), 4→3 (-2).
(அ) ஃபிளாய்ட்-வார்ஷல் முறையில் எல்லா ஜோடிகளுக்கும் குறைந்த தூரத்தையும், 1இலிருந்து 2க்குப் போகும் பாதையையும் காண்க. (8)
(ஆ) `k` லூப்பை உள்ளே போட்டால் என்ன ஆகும்? (3)
(இ) 3→2இன் எடை -3 ஆனால்? (2)

விடை (அ)

அட்டவணையைத் தொடங்கும் முன் ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரிக்கே 2 மதிப்பெண் வைத்திருந்தேன்: Dk-இல் i வரிசை, j நிரலில் உள்ள எண், i-இலிருந்து j-க்குப் போகும்போது நடுவில் 1 முதல் k வரையுள்ள முனைகளை மட்டுமே தொடலாம் என்ற கட்டுப்பாட்டில் கிடைக்கும் குறைந்த தூரம். பலர் இதை எழுதாமல் நேரே கட்டங்களை நிரப்பத் தொடங்கிவிட்டார்கள். இந்த வரி மனதில் இருந்தால் கீழே உள்ள புரோகிராமை மனப்பாடம் செய்யவே வேண்டாம், தானாக வரும்.

```
for k = 1 to n
  for i = 1 to n
    for j = 1 to n
      if d[i][k] + d[k][j] < d[i][j]
        d[i][j] = d[i][k] + d[k][j]
        next[i][j] = next[i][k]
```

`next[i][j]` என்பது i-இலிருந்து j-க்குக் கிளம்பும்போது முதலில் கால் வைக்கும் முனை. தொடக்கத்தில் i→j அம்பு இருந்தால் அது j. அம்பே இல்லாத இடத்தில் தூரம் ∞, மூலைவிட்டம் முழுக்க 0.

```
D0    1   2   3   4
1     0   8   ∞   3
2     1   0   ∞   6
3     ∞   4   0   ∞
4     ∞   ∞  -2   0
```

k=1: முதல் நிரலைப் பாருங்கள். 1க்கு வர வழியுள்ளது 2க்கு மட்டும்தான், அதனால் இரண்டாம் வரிசை மட்டுமே மாற முடியும். (2,4): 1+3 = 4, பழைய 6ஐ விடக் குறைவு. வேறு மாற்றம் இல்லை.

k=2: இரண்டாம் நிரலில் 1ஆம், 3ஆம் வரிசைகளில் எண் இருக்கிறது. (1,4)க்கு 8+4 = 12 வரும், இருக்கும் 3 போதும். (3,1): 4+1 = 5. (3,4): 4+4 = 8.

```
D2    1   2   3   4
1     0   8   ∞   3
2     1   0   ∞   4
3     5   4   0   8
4     ∞   ∞  -2   0
```

இந்த (3,4) கட்டத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு தாளில் இங்கே 4+6 = 10 என்று இருந்தது. அந்த 6, D0-வில் உள்ள பழைய எண். முந்தைய சுற்றில் அது 4 ஆகிவிட்டது. கேள்வித்தாளில் உள்ள எடைகளையே திரும்பத் திரும்பப் பார்த்துக் கூட்டினால் இப்படித்தான் ஆகும். k-ஆவது சுற்றுக்கு D(k-1) ஒன்றே ஆதாரம். கூட்டலில் தவறே செய்யாத அந்தப் பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டி வந்தது எனக்கு வருத்தமாக இருந்தது.

k=3: மூன்றாம் நிரலில் 4ஆம் வரிசைக்கு மட்டும் -2. (4,1): -2+5 = 3. (4,2): -2+4 = 2. (4,4)க்கு -2+8 = 6 வருகிறது, 0 அப்படியே இருக்கட்டும்.

k=4: (1,2): 3+2 = 5, பழைய 8 போகிறது. (1,3): 3-2 = 1. (2,3): 4-2 = 2. மூன்றாம் வரிசையில் மாற்றம் இல்லை.

```
D4    1   2   3   4
1     0   5   1   3
2     1   0   2   4
3     5   4   0   8
4     3   2  -2   0

next  1   2   3   4
1     -   4   4   4
2     1   -   1   1
3     2   2   -   2
4     3   3   3   -
```

1இலிருந்து 2க்குப் பாதை: next[1][2] = 4, next[4][2] = 3, next[3][2] = 2. ஆக 1→4→3→2. எடை 3-2+4 = 5, அட்டவணையோடு ஒத்துப்போகிறது. நேரே போகும் 1→2 அம்பு இருக்கும்போது இவ்வளவு சுற்றி வருவதா என்று தயங்கி, 5ஐ அடித்துவிட்டு 8 எழுதிய தாளும் உண்டு. கணக்கை நம்புங்கள்.

next அட்டவணையில் ஓர் அழகு இருக்கிறது, கவனித்தீர்களா? ஒவ்வொரு வரிசையிலும் ஒரே எண். அதாவது எங்கே போனாலும் 1→4→3→2→1 என்ற ஒரே வட்டத்தில்தான் போகிறோம். 8, 6 எடையுள்ள அம்புகள் இரண்டும் எந்தக் குறைந்த பாதையிலும் வருவதில்லை. அந்த வட்டத்தின் மொத்த எடை 3-2+4+1 = 6. அப்படியானால் இந்தக் கிராஃபில் எந்த இரு முனைகளை எடுத்தாலும் போக வரக் கூட்டினால் 6 வர வேண்டும்: 5+1, 1+5, 3+3, 2+4, 4+2, 8-2. ஆறு ஜோடிக்கும் சரி. (3,4)இல் 10 எழுதியவர் இதைப் பார்த்திருந்தால் 10-2 = 8 என்று அங்கேயே பிடித்திருக்கலாம். எல்லாக் கிராஃபுக்கும் இது பொருந்தாது. பாதைகள் எல்லாம் ஒரே வட்டத்தில் அமைந்ததால் இங்கே கிடைத்த வசதி.

மூன்று லூப், ஒவ்வொன்றும் n முறை, எனவே நேரம் Θ(n³). இங்கே 64 ஒப்பீடுகள். இடம் Θ(n²). ஒரே அட்டவணையில் மேலேயே எழுதிக்கொண்டு போகலாம், ஏனென்றால் d[k][k] = 0 ஆக இருக்கும்வரை k-ஆவது சுற்றில் k வரிசையும் k நிரலும் மாறாது. ஃபிளாய்டும் வார்ஷலும் தனித்தனியே 1962இல் வெளியிட்டார்கள், பெர்னார்ட் ராய் 1959இலேயே எழுதியிருந்தார். இதற்கு மதிப்பெண் இல்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

விடை (ஆ)

i, j வெளியே, k உள்ளே என்று போட்டால் ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே முறைதான் தொடுவோம். (1,2)ஐ எடுங்கள். அதன் முறை வரும்போது d[1][3] இன்னும் ∞, d[4][2]உம் ∞. எனவே k=3, k=4 இரண்டுமே பயன்படாமல் 8 நிலைத்துவிடுகிறது. அடுத்த கட்டத்திலேயே d[1][3] = 1 ஆகிறது, ஆனால் (1,2)க்கு யாரும் திரும்பி வருவதில்லை.

முழுவதும் போட்டுப் பாருங்கள்: மற்ற 15 கட்டங்களும் சரியாகவே வரும், (1,2) மட்டும் 5க்குப் பதில் 8. இதுதான் இந்தப் பிழையின் ஆபத்து. எல்லாமே தவறாக வந்தால் உடனே தெரிந்துவிடும். ஒரே ஒரு கட்டம் தவறினால் புரோகிராம் சரியாக ஓடுகிறது என்றே நினைத்துக்கொள்வோம். “விடை தவறாகும்” என்று மட்டும் எழுதியவர்களுக்கு 1, எந்தக் கட்டம், ஏன் என்று காட்டியவர்களுக்கு 3 கொடுத்திருக்கிறேன்.

விடை (இ)

வட்டத்தின் எடை 3-2-3+1 = -1. ஒவ்வொரு சுற்றுக்கும் தூரம் ஒன்று குறைந்துகொண்டே போகும், எனவே குறைந்த தூரம் என்ற ஒன்றே கிடையாது. அட்டவணையில் இது மூலைவிட்டத்தில் தெரியும். k=2இல் (3,4) = -3+4 = 1 ஆகிறது. k=3இல் (4,4) = -2+1 = -1, 0ஐ விடக் குறைவு. எதிர்மறை வட்டம் இருக்கிறது என்று எழுதி D3-இலேயே நிறுத்திவிடலாம், D4 போடத் தேவையில்லை.