சிந்தனைப் பருவங்கள்: பியாஜேயின் கோட்பாட்டை நீங்கள் பார்த்த குழந்தைகளோடு வைத்துச் சோதிக்கும் கேள்விகள்

குழந்தை வளர்ச்சி, இரண்டாம் ஆண்டு. வீட்டில் எழுதும் தாள். மொத்தம் 60 மதிப்பெண். இரண்டு வாரம் நேரம்.

கடந்த ஆறு வாரமாக நீங்கள் ஒவ்வொருவரும் நான்கு குழந்தைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்திருக்கிறீர்கள்: ஒன்றரை வயதுக்குள் ஒரு குழந்தை, நான்கைந்து வயதில் ஒன்று, ஏழெட்டு வயதில் ஒன்று, பன்னிரண்டைத் தாண்டிய ஒன்று. அந்த நோட்டுதான் இந்தத் தாளுக்கு முதல் நூல். வகுப்புக் குறிப்பை ஒப்பிப்பதற்கு இதில் மதிப்பெண் இல்லை. பியாஜே தன் மூன்று குழந்தைகளைத் தொட்டிலருகே உட்கார்ந்து பார்த்துத்தான் புலன் இயக்கப் பருவத்தைப் பற்றி எழுதினார். அவர் பார்த்ததை நீங்களும் பார்த்தீர்களா, அவர் கண்ணில் படாத ஏதாவது உங்கள் கண்ணில் பட்டதா என்பதே என் கேள்வி.

ஒரு வேண்டுகோள். "இவன் செயல்பாட்டுக்கு முந்தைய பருவத்தில் இருக்கிறான்" என்று எழுதிவிட்டால் விடை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது ஒரு பெயர்தான். என்ன கேட்டீர்கள், எப்படிக் கேட்டீர்கள், குழந்தை என்ன செய்தது, வாயால் என்ன சொன்னது, கண் எங்கே போனது என்பதெல்லாம் முதலில் வர வேண்டும். பருவத்தின் பெயர் கடைசியில் வந்தால் போதும்.

கேள்வி 1 (6 மதிப்பெண்)

நோட்டைத் திறப்பதற்கு முன் இதை எழுதுங்கள். நான்கு பருவங்களில் ஒவ்வொன்றுக்கும், "இந்தப் பருவத்துக் குழந்தையால் இது முடியாது" என்று கோட்பாடு சொல்லும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்திலேயே, எதைக் கண்ணால் பார்த்தால் "கோட்பாடு இங்கே தவறு" என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று எழுதுங்கள்.

இங்கே பலரும் சறுக்குவார்கள். ஆறு வயதில் ஒரு குழந்தை நீரின் அளவு மாறவில்லை என்று சொல்லிவிட்டால் பியாஜே தோற்றுவிட்டார் என்று அர்த்தமில்லை. வயது குழந்தைக்குக் குழந்தை மாறும் என்பதை அவரே ஏற்றுக்கொண்டவர். பருவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும், ஒன்றைத் தாண்டிக் குதிக்க முடியாது, ஒவ்வொரு பருவத்திலும் சிந்தனை முழுவதுமே ஒரே அமைப்பில் இயங்கும் என்பதுதான் அவருடைய பெரிய கூற்று. உங்கள் சோதனை வயதைச் சோதிக்கிறதா, வரிசையைச் சோதிக்கிறதா, அந்த ஒரே அமைப்பைச் சோதிக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பிடுங்கள்.

கேள்வி 2 (10 மதிப்பெண்)

ஒரு மாணவியின் நோட்டிலிருந்து, அவர் அனுமதியோடு:

"பத்து மாதக் குழந்தை. மஞ்சள் பந்தை இடது துணிக்கு அடியில் மூன்று முறை ஒளித்தேன். மூன்று முறையும் துணியைத் தூக்கி எடுத்தாள். நான்காவது முறை அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலது துணிக்கு அடியில் வைத்தேன். கை இடது துணிக்கே போனது. ஆனால் கை போவதற்கு முன் அவள் கண் வலது பக்கம் போய்விட்டு வந்தது. ஒரு நொடிகூட இருக்காது."

அந்தக் கடைசி வரியை எழுதியதற்காகவே அந்த மாணவியைப் பாராட்ட வேண்டும். பலர் கையை மட்டும் எழுதியிருப்பார்கள்.

(அ) கை தவறான இடத்துக்குப் போனதை பியாஜே எப்படி விளக்குவார்? கண் சரியான இடத்துக்குப் போனதை அதே விளக்கத்துக்குள் கொண்டுவர முடியுமா?

(ஆ) 1985-இல் பையார்ஜோனும் உடன் ஆய்வாளர்களும் ஐந்து மாதக் குழந்தைகளுக்கு ஒரு காட்சியைக் காட்டினார்கள். ஒரு பெட்டிக்கு முன் பலகை ஒன்று எழுந்து பின்னால் சாய்கிறது. பெட்டி பலகையைத் தடுக்க வேண்டும். தடுக்காமல், பெட்டி இருந்த இடத்தின் ஊடாகவே பலகை சாய்ந்தபோது குழந்தைகள் அதிக நேரம் பார்த்தார்கள். மறைந்த பெட்டி "இன்னும் அங்கேதான் இருக்கிறது" என்று அவர்களுக்குத் தெரியும் என்பதற்கு இது போதுமான ஆதாரமா? அதிக நேரம் பார்ப்பதற்கு வேறு என்ன காரணம் இருக்கலாம்?

(இ) குழந்தைக்கு இடம் தெரிகிறது, பழகிப்போன கையைத்தான் அடக்க முடியவில்லை என்று ஒருவர் வாதிடுகிறார். இன்னொருவர், ஒளிப்பதற்கும் தேட விடுவதற்கும் நடுவில் அது மறந்துவிடுகிறது என்கிறார். அந்த மாணவியின் ஆட்டத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்து இந்த இருவரில் யார் சரி என்று பார்க்க வேண்டும். என்ன மாற்றம் செய்வீர்கள்? ஒவ்வொருவர் கருத்துப்படியும் குழந்தை என்ன செய்ய வேண்டும்?

கேள்வி 3 (16 மதிப்பெண்)

இந்தத் தாளின் நடுப்பகுதி இதுதான். நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள்.

இன்னொரு மாணவரின் நோட்டு:

"ஐந்து வயதுப் பையன். ஆறு பொத்தான்கள் கொண்ட இரண்டு வரிசை. ரெண்டும் ஒண்ணா என்றேன், 'ஆமா, ஒண்ணுதான்' என்றான். கீழ் வரிசையை நான் அகலமாகப் பரப்பினேன். இப்ப ரெண்டும் ஒண்ணா என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தான். 'இதுலதான் நிறைய' என்று பரப்பிய வரிசையைக் காட்டினான். அப்புறம் மறுபடியும் ஒழுங்காக அடுக்கி வைத்தேன். அவன் தங்கை ஓடிவந்து மேசையை இடித்ததில் ஒரு வரிசை கலைந்து நீண்டுவிட்டது. அதே கேள்வியைக் கேட்டேன். 'ஒண்ணுதான். பாப்பா சும்மா தள்ளிட்டா' என்றான்."

மக்கேரிகலும் டொனால்ட்சனும் 1970-களில் செய்த ஆய்வு இதே போன்றது. ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து வரிசையைக் கலைத்தபோது, பெரியவர் கலைத்தபோதைவிட அதிகக் குழந்தைகள் "ஒன்றுதான்" என்றார்கள்.

(அ) பையன் பதில் சொல்வதற்கு முன் முகத்தைப் பார்த்தானே, அந்த நொடியில் அவன் எந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தான்? ஒரு பெரியவர் வேண்டுமென்றே எதையோ மாற்றிவிட்டு, ஒரு நிமிடம் முன் கேட்ட அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் உங்களுக்கு என்ன தோன்றும்? ரோஸும் பிளாங்கும் 1974-இல் கேள்வியை ஒரே முறை, மாற்றிய பிறகு மட்டும் கேட்டுப் பார்த்தார்கள். பிழைகள் குறைந்தன. இதையும் சேர்த்து எழுதுங்கள்.

(ஆ) இப்போது எதிர்ப்பக்கம் நின்று பியாஜேக்காக வாதாடுங்கள். மேசையை இடித்த கலவரத்தில் பையன் வரிசையைக் கவனிக்கவே இல்லை, பழைய பதிலையே திரும்பச் சொன்னான் என்று அவர் சார்பில் சொல்லலாம். இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. இந்த வாதம் சரியா என்று பார்க்க, கலைக்கும்போது ஒரு பொத்தானை உண்மையிலேயே எடுத்துவிட்டால் என்ன நடக்க வேண்டும்? பையனுக்குப் புரிதல் இருக்கிறது என்றால் என்ன சொல்வான், கவனிக்கவில்லை என்றால் என்ன சொல்வான்?

(இ) "பாப்பா சும்மா தள்ளிட்டா" என்பது வெறும் பேச்சா, காரணமா? பருப்பொருள் செயல்பாட்டுப் பருவத்துக் குழந்தை மூன்று விதமாகக் காரணம் சொல்லும் என்பார் பியாஜே: எதையும் சேர்க்கவும் இல்லை எடுக்கவும் இல்லை, திரும்பப் பழையபடி வைக்கலாம், இது நீளம் ஆனால் அது நெருக்கம். பையன் சொன்னது இவற்றில் எதிலாவது அடங்குமா? உங்கள் நோட்டில் உள்ள ஏழெட்டு வயதுக் குழந்தை என்ன காரணம் சொன்னது? அதன் சொற்களையே, திருத்தாமல், அப்படியே எழுதுங்கள்.

கேள்வி 4 (6 மதிப்பெண்)

தொலைபேசியில் பேசும்போது தலையை மட்டும் ஆட்டிவிட்டு நிற்கும் நான்கு வயதுக் குழந்தையை ஏறக்குறைய எல்லோருமே பார்த்திருக்கிறீர்கள். அடுத்தவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று அதற்குப் புரியவில்லை என்பதற்கு இது சாட்சியா? உங்களில் ஐந்து பேர் அதே வயதுக் குழந்தை, தான் வரைந்த படத்தை எதிரில் இருப்பவர் பார்க்கும்படி திருப்பிக் காட்டியதையும் எழுதியிருக்கிறீர்கள்.

மூன்று மலைச் சோதனையில் தடுமாறும் வயதில், மார்ட்டின் ஹ்யூஸின் சோதனையில் பெரும்பாலான குழந்தைகள் பொம்மைப் போலீஸ்காரர்களின் கண்ணில் படாத இடத்தில் ஒரு பொம்மைப் பையனைச் சரியாக ஒளித்துவைத்தார்கள். எது கடினம்: இன்னொருவர் பார்வையை நினைப்பதா, மலைச் சோதனை கேட்கும் மற்ற வேலைகளா? அந்த மற்ற வேலைகளைப் பெயர் சொல்லி எழுதுங்கள்.

கேள்வி 5 (9 மதிப்பெண்)

எண்ணிக்கை மாறாது என்று புரிந்த குழந்தைக்கு எடை மாறாது என்று புரியச் சில ஆண்டுகள் ஆகின்றன. கொள்ளளவு அதற்கும் பின்னால் வருகிறது. பியாஜே இதைப் பார்த்தார், இதற்கு ஒரு பெயரும் வைத்தார். பெயர் வைப்பது விளக்குவதாகுமா? ஒரே பருவத்தில் சிந்தனை முழுவதும் ஒரே அமைப்பில் இயங்குகிறது என்றால் இந்த இடைவெளி ஏன்?

மெக்சிகோவில் மண்பாண்டம் செய்யும் குடும்பங்களின் குழந்தைகளிடம் 1969-இல் வெளிவந்த ஆய்வில், களிமண்ணின் அளவு மாறாமையைப் புரிந்துகொள்வதில் அவர்கள் மற்றக் குழந்தைகளைவிட முன்னே இருந்தார்கள். உங்கள் நோட்டில் ஏதாவது ஒரு குழந்தை, தான் நாள்தோறும் கையாளும் பொருளில் ஒரு மாதிரியும் புதிய பொருளில் வேறு மாதிரியும் சிந்தித்த இடம் உண்டா? ஒரே ஒரு உதாரணம் போதும், ஆனால் விரிவாக.

கேள்வி 6 (7 மதிப்பெண்)

ஊசல் சோதனை. கயிற்றின் நீளம், குண்டின் எடை, தள்ளும் வேகம், விடும் உயரம் ஆகியவற்றில் எது ஊசலின் வேகத்தைத் தீர்மானிக்கிறது? முறையான செயல்பாட்டுப் பருவத்தில் இருப்பவர் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார் என்கிறது கோட்பாடு. உங்கள் பன்னிரண்டு வயதைத் தாண்டிய குழந்தை என்ன செய்தது? அதன் பிறகு, இதற்கு முன் இதைச் செய்து பார்க்காத ஒரு பெரியவரிடம் இதே சோதனையைக் கொடுங்கள். பெரியவரும் நீளத்தையும் எடையையும் சேர்த்தே மாற்றினால் அவரை எந்தப் பருவத்தில் வைப்பீர்கள்? ஒருவருடைய திறமையும் தொழிலும் சார்ந்த துறையில்தான் இந்தச் சிந்தனை வெளிப்படக்கூடும் என்று பியாஜே 1972-இல் எழுதினார். அது கோட்பாட்டை வலுப்படுத்துகிறதா, தளர்த்துகிறதா?

கேள்வி 7 (6 மதிப்பெண்)

விளையாடும்போது தனக்குத்தானே பேசும் குழந்தை. அது அடுத்தவரை நினைக்காத பேச்சு, வளர வளர மறையும் என்றார் பியாஜே. அது தன்னை வழிநடத்தும் பேச்சு, உள்ளே போய்ச் சிந்தனையாகும் என்றார் வைகாட்ஸ்கி. வேலை கடினமாகும்போது இந்தப் பேச்சு கூடுமா குறையுமா? இருவர் கருத்துப்படியும் முதலில் எழுதுங்கள். அப்புறம் உங்கள் நோட்டில் எண்ணிப் பாருங்கள்.

கொடுப்பதற்கு முன்

நோட்டின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள். குழந்தைகளின் பெயர் எங்கும் வரக் கூடாது. வயதை ஆண்டும் மாதமுமாக எழுதினால் போதும். கேள்வி 2, 3, 6-க்காக மீண்டும் ஒரு குழந்தையிடம் போக விரும்பினால் பெற்றோரிடம் மறுபடி கேளுங்கள். குழந்தை எழுந்து போனால் விட்டுவிடுங்கள், எழுந்து போனது என்று நோட்டில் எழுதுங்கள். கோட்பாட்டோடு ஒத்துப்போகாத ஒரு குறிப்பை நோட்டில் அடித்திருந்தால், அடித்ததை அழிக்காமல் அப்படியே கொடுங்கள். அந்தப் பக்கங்களைத்தான் நான் முதலில் படிப்பேன்.