தவறான மின் அளவீட்டில் வந்த கட்டணப் பட்டியலைத் திருத்தக் கோரும் மனு

நாள்: 16.12.2024

அனுப்புநர்:
உரிமையாளர், விதை மற்றும் உரக்கடை,
47, கடைத்தெரு,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
உதவி மின் பொறியாளர் அவர்கள்,
இயக்குதலும் காத்தலும்,
பிரிவு அலுவலகம்.

பொருள்: வணிக மின் இணைப்பு எண் 1187 – 09.12.2024 கணக்கெடுப்பில் 21,984 என்ற அளவீடு 27,984 எனப் பதிவானது – 6,000 யூனிட் கூடுதல் – பட்டியலைத் திருத்தித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்கண்ட இணைப்பு என் பெயரில் உள்ளது. வணிகக் கட்டண வகை, ஒருமுனை இணைப்பு, அனுமதிக்கப்பட்ட மின்பளு 4 கிலோவாட். கடந்த 9ஆம் தேதி எடுத்த கணக்கெடுப்பின்படி இரண்டு மாதத்துக்கு 6,634 யூனிட் ஓடியதாகப் பட்டியல் வந்திருக்கிறது. உண்மையில் ஓடியது 634 யூனிட்.

மீட்டர் சரியாகவே ஓடுகிறது. அதன்மேல் எனக்குக் குறை இல்லை. யூனிட்டுக்கு 10 ரூபாய் 15 காசு என்று பட்டியலில் உள்ள வீதத்தையும் நான் மறுக்கவில்லை. கணினியில் ஏறிய ஓர் இலக்கம் தவறு. என் வழக்கு அது ஒன்றுதான்.

கடையின் வெள்ளை அட்டையில் இந்த ஆண்டு முழுவதும் பதிவானவை:

08.02.2024 – 18,836
08.04.2024 – 19,424 (588 யூனிட்)
10.06.2024 – 20,095 (671 யூனிட்)
08.08.2024 – 20,738 (643 யூனிட்)
08.10.2024 – 21,350 (612 யூனிட்)
09.12.2024 – 21,984 (634 யூனிட்)

கடைசி வரியைத் தாங்களே ஒருமுறை பார்க்க வேண்டும். கணக்கீட்டாளர் தம் கையாலேயே அளவீட்டுக் கட்டத்தில் 21,984 என்றும், பக்கத்து யூனிட் கட்டத்தில் 634 என்றும் எழுதியிருக்கிறார். அவர் ஒன்றாம் எண்ணுக்குத் தலையில் நீளமாக ஒரு கொக்கி போடுவார். அவசரமாகப் பார்த்தால் ஏழு போலத் தெரியும். அதே அட்டையில் அக்டோபர் மாத 21,350இலும் ஒன்று அதே கொக்கியோடுதான் இருக்கிறது. அது கணினியில் சரியாக ஏறியது, இது ஏறவில்லை. அடாத மழையிலும் வந்து கணக்கெடுத்துப் போகும் மனிதர்மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. அவருக்கு இதனால் எந்தச் சங்கடமும் வரக்கூடாது என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.

அட்டையைப் பார்த்தும் ஐயம் இருந்தால், மீட்டரே சாட்சி சொல்கிறது. இன்று காலை 9 மணிக்கு அது காட்டிய எண் 22,051. டிசம்பர் 9ஆம் தேதியே 27,984ஐத் தொட்ட மீட்டர் ஒரு வாரம் கழித்து 22,051இல் நிற்க முடியாது. மீட்டர் எண்ணும் திரையில் மாறி மாறி வரும் அளவுகளும் தெளிவாகத் தெரியும்படி கைப்பேசியில் படம் எடுத்துள்ளேன். அதிகபட்ச மின்தேவை 2.1 கிலோவாட் என்று அதே திரை காட்டுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. அக்டோபர் 8 முதல் டிசம்பர் 9 வரை 62 நாள். அனுமதிக்கப்பட்ட 4 கிலோவாட்டையும் ஒரு நொடிகூட நிறுத்தாமல் இரவு பகலாக ஓட்டினாலும் 5,952 யூனிட்தான் வரும். பட்டியலோ 6,634 என்கிறது. கடையில் இருப்பவை குழல்விளக்குகள், நான்கு மின்விசிறி, ஒரு கணினி, எடைத்தராசு, உரம் விற்கக் கைரேகை வைக்கும் விற்பனைக் கருவி, உயிர் உரப் புட்டிகள் வைக்கும் ஒரு குளிர்சாதனப் பெட்டி. இரவு எட்டரைக்குக் கதவை இறக்கிவிட்டால் குளிர்சாதனப் பெட்டி மட்டுமே ஓடும்.

இந்த ஓர் இலக்கத்தால் மின் கட்டணம் மட்டும் 6,435 ரூபாய் 10 காசுக்குப் பதில் 67,335 ரூபாய் 10 காசு ஆகியிருக்கிறது. கூடுதல் 60,900 ரூபாய். அதன்மேல் மின்வரி தனி. கவுண்ட்டரில் விசாரித்தபோது, "முதலில் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள், அடுத்தடுத்த பட்டியலில் கழித்துக்கொள்ளலாம்" என்றார்கள். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால், என் கடையின் உபயோகத்துக்கு 6,000 யூனிட் கழிந்து தீர ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். ஓடாத மின்சாரத்துக்கு அத்தனை காலம் முன்பணம் போட என்னால் இயலாது.

அதுவும் இது சம்பாவுக்கு மேலுரம் போடும் பருவம். டெல்டாவில் உரக்கடை நடத்துகிறவர்கள் நிலை தங்களுக்குத் தெரியாததல்ல. யூரியாவும் பொட்டாஷும் இப்போது கடனுக்குப் போகும்; அறுவடையாகி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட பிறகு, தை, மாசியில்தான் விவசாயி கையில் காசு வரும், அதன் பிறகே எங்கள் கல்லாவுக்கு வரும். பெட்டியில் இருக்கும் ரொக்கம் அடுத்த லாரி உரத்துக்கு. அதை எடுத்து இந்தப் பட்டியலுக்குக் கட்டினால், பயிருக்கு உரம் வேண்டிய வாரத்தில் வந்து நிற்பவர்களுக்கு இல்லை என்று சொல்ல வேண்டி வரும்.

ஆகவே, தாங்கள் கடைக்கு வந்தோ, ஊழியர் ஒருவரை அனுப்பியோ, என் முன்னிலையில் மீட்டரைப் பார்த்து, 09.12.2024 அளவீட்டை 21,984 எனத் திருத்தி, 634 யூனிட்டுக்கான புதிய பட்டியலைத் தர வேண்டுகிறேன். மின்வரியும் அதற்கேற்பக் குறைய வேண்டும். அடுத்த கணக்கெடுப்பு 21,984இலிருந்து தொடங்க வேண்டும்; 27,984 பதிவில் நின்றுவிட்டால் பிப்ரவரியில் அடுத்த குழப்பம் காத்திருக்கிறது. மீட்டர் பழுது என்று குறித்துச் சராசரி போட்டுத் தருவதாக இருந்தால் அதை ஏற்க மாட்டேன். நன்றாக ஓடும் மீட்டரைப் பழுது என்று நானே எழுதிக் கொடுக்க முடியாது.

பட்டியலுக்குக் கடைசி நாள் 29.12.2024. அதற்குள் திருத்தம் முடியாவிட்டால், மின்சாரச் சட்டம் 2003இன் 56ஆம் பிரிவைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். தொகையில் தகராறு இருக்கும்போது, கேட்கப்பட்ட தொகை அல்லது முந்தைய ஆறு மாதச் சராசரிப்படியான கட்டணம், இவற்றில் எது குறைவோ அதை எதிர்ப்புத் தெரிவித்துச் செலுத்தினால், தகராறு தீரும்வரை மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது என்கிறது அது. என் முந்தைய மூன்று பட்டியல்களின் சராசரி 642 யூனிட். அந்தத் தொகையைக் கணக்கிட்டு எழுத்தில் தந்தால், அன்றைக்கே கட்டி ரசீது பெற்றுக்கொள்கிறேன். தவறான தொகைக்குத் தாமதக் கட்டணம் ஏற்றாமலும் இருக்க வேண்டும். கட்ட வேண்டியதில் ஒரு ரூபாயையும் நான் நிறுத்தி வைக்க நினைக்கவில்லை. இதுவரை ஒரு பட்டியலும் கெடு தாண்டியதில்லை.

தங்கள் முடிவை 29ஆம் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். இங்கேயே தீரும் என்றுதான் நம்புகிறேன். தீராவிட்டால் இதே தாள்களுடன் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குச் செல்வேன்.

வெள்ளை அட்டையின் இரு பக்க நகல், தகராறுக்குரிய பட்டியல், முந்தைய மூன்று பட்டியல்களின் ரசீதுகள், இன்று எடுத்த மீட்டர் படங்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். அசல் அட்டை மீட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. காலை 8 மணி முதல் கடை திறந்திருக்கும், எப்போது வந்தாலும் பார்க்கலாம். இம்மனுவின் இரண்டாம் படியில் முத்திரையும் தேதியும் இட்டுத் திருப்பித் தரக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இணைப்பு எண் 1187இன் நுகர்வோர்,
விதை மற்றும் உரக்கடை உரிமையாளர்.

நகல்: செயற்பொறியாளர், கோட்ட அலுவலகம் – தகவலுக்காக.