ஒப்படைப்பு 3: இந்த விடை எங்கே தவறுகிறது? (தண்ணீரின் கடினத்தன்மை)

வேதியியல் துறை, பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. மொத்தம் 25 மதிப்பெண். ஆகஸ்ட் 11 திங்கள் தொடங்கி ஆகஸ்ட் 25 திங்கள் காலை 10 மணிக்குள் ஆய்வகத்தில் கொடுக்க வேண்டும். கையெழுத்தில், ஏ4 தாளில், ஐந்து பக்கத்துக்கு மிகாமல்.

இந்த முறை உங்களிடம் விடை கேட்கவில்லை. விடை கீழேயே இருக்கிறது. காட்பாடிப் பக்கத்து போர்வெல் தண்ணீர் ஒன்றின் வாசிப்புகளை ஏஐ செயலியிடம் கொடுத்து வாங்கிய விடை அது. வகுப்புக்குப் பொருந்தும்படி நாங்கள் சில இடங்களை மாற்றியிருக்கிறோம். நடை சரளமாக இருக்கும், பிழைகளும் அதே சரளத்தில் கலந்திருக்கும். எத்தனை பிழை என்று சொல்லப் போவதில்லை. சரியான வாக்கியங்களும் உண்டு. சரியானதைத் தவறு என்று குறித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் கழியும்.

ஆய்வக வாசிப்புகள் இவை. இவற்றில் பிழை இல்லை.

ஈடிடிஏ பாட்டிலின் லேபிள்: 0.01 மோலார்.
நிலைப்படுத்தல்: நியமக் கடினநீர் 20 மி.லி. (1 மி.லி.-யில் 1 மி.கி. கால்சியம் கார்பனேட்). செலவான ஈடிடிஏ: 20.8, 20.8 மி.லி.
மாதிரி நீர் 50 மி.லி.: 23.4, 22.6, 22.6 மி.லி.
கொதிக்கவைத்து, வடிகட்டி, பழைய கன அளவுக்கு நிரப்பிய நீர் 50 மி.லி.: 14.1, 14.1 மி.லி.

திருத்த வேண்டிய விடை:

(1) மாதிரி நீர் 50 மி.லி. பிப்பெட்டால் கூம்புக் குடுவையில் எடுக்கப்பட்டு, அம்மோனியா–அம்மோனியம் குளோரைடு தாங்கல் கரைசல் சேர்த்து பி.எச். சுமார் 10-இல் வைக்கப்பட்டது. (2) இந்த பி.எச்.-இல் எரியோகுரோம் பிளாக் டி தனியாக இருக்கும்போது ஒயின் சிவப்பாகவும், உலோக அயனியுடன் சேர்ந்ததும் நீலமாகவும் இருக்கும். (3) ஈடிடிஏ கால்சியம், மக்னீசியம் அயனிகளோடு 1:2 விகிதத்தில் அணைவுச் சேர்மம் தருகிறது. (4) மூன்று வாசிப்புகளின் சராசரி 22.87 மி.லி. (5) கரைசல் ஒயின் சிவப்பிலிருந்து தெளிவான நீலத்துக்கு மாறும் இடமே முடிவுநிலை. (6) 0.01 மோலார் ஈடிடிஏ 1 மி.லி. என்பது 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். (7) எனவே மொத்தக் கடினத்தன்மை 22.87 × 20 = 457.4 மி.கி./லிட்டர். (8) கொதிக்கவைத்த நீருக்கு 14.1 மி.லி. செலவானதால் தற்காலிகக் கடினத்தன்மை 14.1 × 20 = 282 மி.கி./லிட்டர். (9) கொதிக்கும்போது கால்சியம் பைகார்பனேட் சிதைந்து கார்பனேட்டாகப் படிவதால், தரம்பார்க்கும் முன் வடிகட்டுவது அவசியம். (10) ஐ.எஸ். 10500:2012 தரத்தின்படி ஏற்கத்தக்க வரம்பு 600 மி.கி./லிட்டர் என்பதால் இந்த நீரைத் தயக்கமின்றிக் குடிக்கலாம். (11) பாலாற்றுப் படுகையின் தோல் தொழிற்சாலைகளிலிருந்து வரும் குரோமியமே இந்தக் கடினத்தன்மைக்குக் காரணம். (12) வேலூர் கிணற்று நீர் பற்றிய ஓர் ஆய்வும் இதே அளவைக் கூறியிருப்பதால் முடிவு உறுதியாகிறது.

பகுதி அ: திருத்தம் (10 மதிப்பெண்)

ஒவ்வொரு பிழைக்கும் மூன்று விஷயம் எழுதுங்கள்: வாக்கிய எண், சரியான கூற்று, அந்தப் பிழையால் கடைசி முடிவு எந்தப் பக்கம், எவ்வளவு நகர்ந்தது. முடிவின் எண்ணைத் தொடாத பிழை என்றால் அதையும் காரணத்தோடு சொல்லுங்கள். எந்த அளவை எதிர்பார்க்கிறோம் என்று தெரிய 4-ஆம் வாக்கியத்தை நாங்களே செய்து காட்டுகிறோம். அதற்கு மதிப்பெண் கிடையாது.

அரை மதிப்பெண் பெறும் பதில்: "சராசரி எடுக்கக் கூடாது, ஒத்த வாசிப்புகளைத்தான் எடுக்க வேண்டும்."

முழு மதிப்பெண் பெறும் பதில்: "முதல் வாசிப்பு 23.4, அடுத்த இரண்டும் 22.6. முடிவுநிலை எங்கே வரும் என்று தெரியாமல் ஓட்டிய முதல் முறையில் 0.8 மி.லி. கூடிப் போயிருக்கிறது. ஒத்த வாசிப்பு 22.6. சராசரி எடுத்ததால் 0.27 மி.லி. அதிகமாகி, 7-ஆம் வாக்கியத்தின் கணக்குப்படியே லிட்டருக்கு 0.27 × 20 = 5.4 மி.கி. உயர்ந்துவிட்டது."

முதல் பதில் எந்தக் கல்லூரியின் எந்தத் தாளுக்கும் பொருந்தும். இரண்டாவது இந்த மூன்று வாசிப்புகளைப் பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடியது. அந்த வித்தியாசத்துக்குத்தான் மதிப்பெண்.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, சில வாக்கியங்கள் தனியாகப் பார்த்தால் சரி, பயன்படுத்திய இடத்தில் தவறு. சில இடங்களில் ஒரு வாக்கியம் இன்னொன்றை மறுக்கும். 3-ஐயும் 6-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 6-ஐப் படித்துவிட்டு நிலைப்படுத்தல் வாசிப்பை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இரண்டு, ஒரு பிழையின் மேல் இன்னொரு பிழை ஏறி நின்றால் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டுங்கள். "7-ஆம் வாக்கியக் கணக்கு தவறு" என்று மட்டும் எழுதி சரியான எண்ணைக் கொடுத்தால் பாதிதான்.

11-ஆம் வாக்கியம் நம் ஊர் விஷயம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்தது உண்மை. வேலூரில் உள்ள ஒரு குடிமக்கள் அமைப்பு தொடுத்த வழக்கில்தான் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று ஏற்றது. இது தெரிந்தவர் "ஆமாம், சரிதானே" என்று வாக்கியத்தைத் தாண்டிப் போய்விடுவார். இன்னொருவர் "தொழிற்சாலைக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை" என்று எழுதிவிடுவார். இரண்டுக்கும் பூஜ்ஜியம். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: மேலே உள்ள தரம்பார்த்தல் எதை அளக்கிறது? அந்த எண்ணிலிருந்து குரோமியம் பற்றி ஏதாவது சொல்ல முடியுமா? தோலைப் பதப்படுத்தப் போடும் சாதாரண உப்பு தண்ணீரில் கலந்திருந்தால் எந்தச் சோதனையில் தெரியும், குரோமியம் எந்தச் சோதனையில் தெரியும்? உண்மையான பாதிப்பைத் தவறான சோதனையால் நிறுவப் போனால் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் அதை உடைத்துவிடும். இந்த மாவட்டத்தில் வேதியியல் படிப்பவர்களுக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

பகுதி ஆ: உங்கள் வீட்டுத் தண்ணீர் (9 மதிப்பெண்)

வீட்டிலோ விடுதியிலோ புழங்கும் தண்ணீர் ஒரு லிட்டர் கொண்டுவாருங்கள். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்று வீட்டில் சொல்லும் தண்ணீராக இருந்தால் நல்லது. கேன் தண்ணீரும், ஆர்.ஓ. இயந்திரத் தண்ணீரும் வேண்டாம்.

ஆய்வகத்தில் நான்கு ஈடிடிஏ பாட்டில்கள் இருக்கும். எல்லாவற்றின் லேபிளும் 0.01 மோலார் என்றுதான் சொல்லும், செறிவு ஒன்றுக்கொன்று சற்று வேறு. உங்கள் பாட்டிலின் எழுத்தைக் குறித்துக்கொண்டு முதலில் நிலைப்படுத்துங்கள், பிறகு மாதிரியை ஓட்டுங்கள். ஒவ்வொரு வாசிப்பையும் அப்போதே பதிவேட்டில் பேனாவால் எழுதி ஆய்வக உதவியாளரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். அடித்துத் திருத்தலாம். ஒயிட்னர் போட்டால் அந்தப் பக்கத்தை ஏற்கமாட்டோம்.

வழக்கமாகக் கோட்டைவிடும் இடங்கள்: தாங்கல் கரைசல் ஊற்றியபின் ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். தாமதித்தால் கால்சியம் கார்பனேட் படிந்து வாசிப்பு குறையும். நிறங்காட்டியை ஒரு சிட்டிகைக்கு மேல் போடாதீர்கள், கரைசல் கறுத்து நிறமாற்றம் கண்ணுக்குத் தெரியாது. முடிவுநிலை நெருங்கும்போது ஊதா நிழல் வரும். அங்கே நிறுத்தாமல் சொட்டுச் சொட்டாக விட்டு சிவப்புச் சாயல் முழுக்கப் போகும்வரை காத்திருங்கள். எவ்வளவு விட்டாலும் ஊதா மாறவில்லை என்றால் போர்வெல் நீரில் உள்ள இரும்பு காரணமாக இருக்கலாம். மாதிரியைக் கொட்டாமல் எங்களைக் கூப்பிடுங்கள். 50 மி.லி. நீருக்கு 30 மி.லி.-க்கு மேல் ஈடிடிஏ செலவானால் அடுத்த முறை 25 மி.லி. நீர் எடுங்கள். கணக்கில் 20-ஆல் பெருக்கும் இடம் அப்போது மாறும்.

கொதிக்கவைக்க 250 மி.லி. அளந்து எடுங்கள். அரை மணி நேரம் கொதிக்கட்டும். ஆறியபின் வடிகட்டி, 250 மி.லி. அளவுக் குடுவையில் காய்ச்சி வடித்த நீரால் குறிவரை நிரப்புங்கள். நிரப்ப மறந்தால் ஆவியாகிக் குறைந்த கன அளவில் உப்புகள் செறிந்திருக்கும். நிரந்தரக் கடினத்தன்மை மொத்தக் கடினத்தன்மையைவிடக் கூடுதலாக வந்து நிற்பது இதனால்தான்.

பிறகு மேலே உள்ள விடையின் 7, 8, 10 ஆகிய மூன்று வாக்கியங்களையும் உங்கள் தண்ணீருக்கு, உங்கள் எண்களால், திருத்தமாக எழுதுங்கள். 10-க்கு "நல்ல நீர்", "கெட்ட நீர்" என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காதீர்கள். ஐ.எஸ். 10500-இல் கடினத்தன்மைக்கு இரண்டு எண்கள் உண்டு. இரண்டும் என்ன, இரண்டாவது எப்போது மட்டும் பொருந்தும், உங்கள் தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்று எழுதுங்கள்.

பகுதி இ: நேரில் (6 மதிப்பெண்)

ஒப்படைத்த வாரத்தில் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம். தாள் எங்களிடம் இருக்கும், உங்கள் கையில் சாக்பீஸ் மட்டும். நீங்கள் திருத்திய ஒரு வாக்கியத்தை நாங்கள் தேர்ந்தெடுத்து, அதில் ஓர் எண்ணை மாற்றிக் கொடுப்போம். உதாரணமாக, நிலைப்படுத்தலில் 20.8-க்குப் பதில் 19.5 வந்திருந்தால் மொத்தக் கடினத்தன்மை கூடுமா, குறையுமா, எவ்வளவு? கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். கூட்டல் கழித்தலில் தடுமாறினால் பரவாயில்லை, எந்தப் பக்கம் நகரும் என்பதற்குக் காரணம் வேண்டும்.

செயலிகளைப் பற்றி

பயன்படுத்தத் தடை இல்லை. பயன்படுத்தியிருந்தால் தாளின் கடைசியில், எந்த வாக்கியத்துக்கு, அது என்ன சொன்னது, அதில் எதை ஏற்றீர்கள், எதை விட்டீர்கள் என்று நான்கு வரி எழுதுங்கள். அதற்காக மதிப்பெண் குறையாது. மேலே உள்ள விடையை அப்படியே ஒட்டிக் கேட்டால் பாடநூலைப் பார்த்தாலே தெரியும் பிழைகள், அதாவது 2, 3 போன்றவை, எளிதில் கிடைத்துவிடும். அவற்றுக்கு ஒரே ஒரு மதிப்பெண்தான் வைத்திருக்கிறோம். சரியான வாக்கியத்திலும் ஏதாவது குறை கண்டுபிடித்துத் தரும், அதை நம்பி எழுதினால் கழிவு விழும். உங்கள் பாட்டிலின் செறிவு அதற்குத் தெரியாது, உதவியாளரின் கையொப்பமும் அதனிடம் இருக்காது.

12-ஆம் வாக்கியத்தைப் போல "ஓர் ஆய்வு சொல்கிறது" என்று உங்கள் தாளிலும் வந்தால், அந்த ஆய்வை நீங்கள் திறந்து படித்த பக்கத்தின் நகலை இணைக்க வேண்டும். நகல் இல்லையென்றால் வரியை அடித்துவிடுங்கள்.

தண்ணீர் பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, வாய்வரை நிரப்பி, பெயர், ஊர், கிணறா போர்வெல்லா குழாயா, எடுத்த நாள், நேரம் எழுதி ஒட்டுங்கள். ஆய்வகம் ஆகஸ்ட் 12, 13, 14, 18, 19, 20 ஆகிய நாட்களில் மதியம் 2 முதல் 4.30 வரை திறந்திருக்கும், 15-ஆம் தேதி விடுமுறை. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கமிருந்து ரயிலில் வருகிறவர்கள் காலை 9 மணிக்கே பாட்டிலை உதவியாளரிடம் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போகலாம்.