குடிநீர்க் கணக்கெடுப்பு வினாத்தாள்: மாறிகளும் விடைக் குறியீடுகளும்

ராமநாதபுரம் மாவட்டத்தின் 3 ஊராட்சிகளில் 240 வீடுகளில் நடத்தவிருக்கும் குடிநீர்க் கணக்கெடுப்புக்காக அச்சிடப்பட்ட 2 பக்க வினாத்தாளைக் களக் குழு கைப்பேசியில் 4 படங்களாக எடுத்து அனுப்பியிருந்தது. அப்படங்களிலிருந்து உருவாக்கிய மாறிப் பட்டியல் இது. தரவைத் தட்டச்சு செய்பவரும் பகுப்பாய்வு செய்பவரும் இதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். தாளில் கட்டத்துக்கு அருகே அச்சாகியுள்ள எண் வேறு, கணக்கில் பயன்படும் மதிப்பெண் வேறு என்பதால், எந்த மாறியிலும் முதலில் தாளில் உள்ளதை உள்ளபடியே பதிந்து, மாற்றப்பட்ட மதிப்பைத் தனி மாறியாகப் பின்னர் உருவாக்குகிறோம்.

விடை இல்லாத இடங்களுக்கு எல்லா மாறிகளிலும் ஒரே குறியீடுகள்தாம்: கேள்வி அந்த வீட்டுக்குப் பொருந்தாது எனில் -7, "தெரியாது" என்றால் -8, கட்டம் வெறுமையாக விடப்பட்டிருந்தால் -9. வழக்கமான 77, 88, 99 ஆகியவற்றைத் தவிர்த்ததற்குக் காரணம் உண்டு. தண்ணீர் எடுக்கப் போய் வர ஒருவருக்கு உண்மையிலேயே 88 நிமிடம் ஆகக்கூடும். எதிர்ம எண்ணில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

`hh_id` என்பது வீட்டின் அடையாள எண். முதல் 2 இலக்கங்கள் ஊராட்சியையும் அடுத்த 3 இலக்கங்கள் வீட்டையும் குறிக்கின்றன (எடுத்துக்காட்டு: 01045). இதை எண்ணாக உள்ளிட்டால் முன்னுள்ள சுழியம் மறைந்துவிடும். எனவே எழுத்து வகையாகவே வைக்க வேண்டும். `q2_sex` பெயரளவு அளவை (1 ஆண், 2 பெண், 3 திருநர்). `q3_age` முடிந்த ஆண்டுகளில் வயது, விகித அளவை. `q4_members` வீட்டில் உண்டு உறங்குவோரின் எண்ணிக்கை, விகித அளவை.

`q5_source`, குடிப்பதற்கான முதன்மை நீர் ஆதாரம், பெயரளவு அளவை: 1 வீட்டுக் குழாய், 2 தெருக் குழாய், 3 அடிபம்பு, 4 கிணறு, 5 ஊரணி, 6 கேன் தண்ணீர், 7 லாரி அல்லது வண்டித் தண்ணீர், 9 மற்றவை. இவற்றுள் 7 அச்சில் இல்லை; முதல் படத்தில் யாரோ நீல மையில் ஓரத்தில் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். குடத்துக்கு இவ்வளவு என்று தண்ணீர் வாங்கும் வீடுகள் இப்பகுதியில் இருப்பதால் இந்தச் சேர்க்கையைப் பட்டியலில் ஏற்றுக்கொண்டோம். ஆனால் எல்லாத் தாள்களிலும் அது எழுதப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. எழுதாத தாளில் அந்த வீடுகள் 9-இல் விழுந்திருக்கும். ஆகவே 9 என்று குறித்த ஒவ்வொரு தாளிலும் `q5_other` என்ற எழுத்து மாறியைப் படித்த பிறகே பகுப்பாய்வுக்குப் போக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் கண்காணிப்புத் திட்டத்தின் வகைப்பாட்டை ஒட்டி `src_improved` என்ற மாறியை உருவாக்கலாம். குழாய், அடிபம்பு, கேன், லாரி ஆகியவை மேம்பட்ட ஆதாரங்களிலும், திறந்த ஊரணி மேற்பரப்பு நீரிலும் அடங்கும். கிணறு பாதுகாக்கப்பட்டதா, திறந்ததா என்று இந்தத் தாள் கேட்கவில்லை. அதனால் 4-ஐ எந்தப் பக்கமும் சேர்க்காமல் விடுபட்ட மதிப்பாக விடுகிறோம். பகுப்பாய்வின்போது ஊகித்து நிரப்பக் கூடாது.

`q6_minutes`, போய் வர ஆகும் நிமிடங்கள், விகித அளவை. கேள்வியின் கீழே சிறிய எழுத்தில் "வரிசையில் நிற்கும் நேரம் சேர்த்து" என்று இருப்பது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மேற்சொன்ன வகைப்பாட்டில் வரிசை நேரமும் சேர்த்து 30 நிமிடத்துக்கு மிகாமல் இருந்தால்தான் அது அடிப்படைச் சேவை என்பதால், இச்சொற்றொடர் மிக முக்கியமானது. "அரை மணி" என்று எழுதியிருந்தால் 30, "ஒரு மணி" என்றால் 60. "20 முதல் 30" என்று எழுதியிருந்தால் 25 என்று பதிந்து, மூல விடையை `q6_note`-இல் அப்படியே எழுத வேண்டும். `q5_source` 1 எனில் இங்கு -7; சுழியம் இடக் கூடாது.

`q7_kudam`, ஒரு நாளைக்கு எத்தனை குடம், விகித அளவை. குடத்தின் கொள்ளளவு தாளில் இல்லை, குடமும் வீட்டுக்கு வீடு மாறும். எனவே இதை லிட்டராக மாற்றும் பேச்சுக்கே இடமில்லை.

கேள்வி 8-இல் பிற தேவைகளுக்கான ஆதாரங்கள் அனைத்தையும் குறிக்கலாம் என்றிருப்பதால் அது ஒரு மாறி அன்று, 6 மாறிகள்: `q8_1` முதல் `q8_6` வரை, ஒவ்வொன்றும் 0 அல்லது 1. வரிசை கேள்வி 5-இன் அச்சிட்ட வரிசையே. ஒரு கட்டமும் குறிக்கப்படாத தாளில் ஆறிலும் -9 இட வேண்டும். ஆறிலும் 0 இட்டால் அந்த வீடு எந்த ஆதாரத்தையும் பயன்படுத்தவில்லை என்று பொருளாகிவிடும்.

அச்சுப் பிழையாகக் கேள்வி எண் 9 இரண்டு முறை வருகிறது. முதலாவது `q9a_quality` (தண்ணீரின் சுவையும் நிறமும்), இரண்டாவது `q9b_satisf` (விநியோகம் குறித்த மனநிறைவு). இரண்டும் தரவரிசை அளவை, இரண்டிலும் 1 முதல் 5 வரை. முதலாவதில் 1 மிக மோசம், 5 மிக நன்று. இரண்டாவதில் 1 மிகவும் நிறைவு, 5 மிகவும் குறை, திசை தலைகீழ். ஒப்பிடும்போது `satisf_r = 6 - q9b_satisf` என்ற புதிய மாறியைப் பயன்படுத்துக; முன்னதாக எதிர்ம எண்களை விடுபட்ட மதிப்புகளாக அறிவித்துவிட வேண்டும், இல்லையேல் -9 என்பது 15 ஆகிவிடும். சுவையையும் நிறத்தையும் ஒரே கேள்வியில் கேட்டது வினாத்தாளின் குறை. அதை இங்கே பிரித்துச் சரிசெய்ய இயலாது.

`q10_income`, மாத வருமானம், தரவரிசை அளவை: 1 என்பது 5,000 ரூபாய்க்குக் கீழ், 2 என்பது 5,000–10,000, 3 என்பது 10,000–15,000, 4 என்பது 15,000க்கு மேல். 10,000 ரூபாய் இரண்டு பிரிவுகளிலும் வருகிறது. எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறதோ அதையே பதிக. கடைசிப் பிரிவுக்கு மேல் எல்லை இல்லை, ஆகவே சராசரி வருமானம் கணக்கிட முடியாது.

`q11a`–`q11d` வீட்டு நீர்ப் பாதுகாப்பின்மை அனுபவ அளவுகோலின் 4 கேள்விகள்: தண்ணீர் பற்றிய கவலை, அன்றாடத் திட்டம் மாறியது, கை கழுவ முடியாமை, குடிக்கப் போதாமை. காலவரம்பு கடந்த 4 வாரங்கள். தாளில் 1 ஒருபோதும் இல்லை, 2 அரிதாக (1–2 முறை), 3 சில நேரம் (3–10), 4 அடிக்கடி (11–20), 5 எப்போதும் (20க்கு மேல்) என்று உள்ளது. ஆனால் மதிப்பெண் 0 முதல் 3 வரையே. கடைசி இரண்டு விடைகளுக்கும் 3. தாள் எண்களை அப்படியே கூட்டினால், ஒரு சிக்கலும் இல்லாத வீடுகூட 4 என்று வந்து, நீர்ப் பாதுகாப்பற்ற வீடாகக் கணக்காகிவிடும். ஏனெனில் 0–12 என்ற மொத்தத்தில் 4ம் அதற்கு மேலும் பெறுவதே அதற்கான வரம்பு. எஸ்.பி.எஸ்.எஸ். கட்டளை இது:

```
RECODE q11a q11b q11c q11d
 (1=0)(2=1)(3=2)(4=3)(5=3)(ELSE=SYSMIS)
 INTO h1 h2 h3 h4.
COMPUTE hwise4 = h1 + h2 + h3 + h4.
EXECUTE.
```

கூட்டல் குறியை `SUM` செயற்கூறால் மாற்ற வேண்டாம். ஒரு விடை விடுபட்டாலும் மொத்தம் வரக் கூடாது என்பதற்காகவே இப்படி எழுதப்பட்டுள்ளது. தனிக் கேள்விகள் தரவரிசை அளவை. `hwise4`-ஐ மதிப்பெண்ணாகக் கொண்டு சராசரி காணலாம், விகித அளவையாகக் கொண்டு "இந்த வீட்டுக்கு இருமடங்கு பாதிப்பு" என்று எழுதலாகாது.

`q12_remarks` திறந்த விடை, எழுத்து வகை. விடையளித்தவரின் பேச்சுவழக்கைத் திருத்தாமல் தட்டச்சு செய்க. 4ஆம் படத்தில் தாளின் மடிப்பு இக்கேள்வியின் கடைசி வரியை மறைத்திருந்தது. களக் குழுவிடம் வெற்றுத் தாள் ஒன்றை வாங்கிப் பார்த்தபோது அங்கே இருந்தது கேள்வி அன்று, கணக்கெடுப்பாளர் கையொப்பத்துக்கான கோடுதான். அதற்கு மாறி ஒதுக்கவில்லை.